கேள்விக்குறியைப் பார்த்து 'எனி' போடலாமா?

"நான் ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு விருந்தினரிடம் 'வுட் யூ லைக் எனி வாட்டர்?' என்று கேட்டேன். பிறகு மேலாளர் என்னைக் கூப்பிட்டு, 'சம் வாட்டர்' என்றுதான் கேட்க வேண்டும் என்றார். கேள்வி என்றால் எனி, எதிர்மறை என்றால் எனி, மற்றதற்கெல்லாம் சம் என்றுதானே பள்ளியில் படித்தோம்? யார் சொல்வது சரி? மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ள ஒரு சின்ன அட்டவணையும் கொடுத்தால் உதவியாக இருக்கும்."

உங்கள் மேலாளர் சொன்னது சரி. பள்ளியில் படித்ததும் முழுத் தவறு அன்று; ஆனால் அது பாதி வழி மட்டுமே கொண்டுபோய் விடும் விதி. முதலில் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியிலும் பிறகு பினாங்கிலுமாக, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மாலை நேர ஆங்கில வகுப்புகளை 20 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருகிறேன். ஹோட்டல், கடை, தொழிற்சாலை என்று எங்கிருந்து வந்தவர்களும் அந்தப் பாதி விதியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். தடுமாறியதும் நீங்கள் தடுமாறிய அதே இடத்தில்தான். நீங்கள் எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

வாக்கியத்தின் முடிவில் கேள்விக்குறி இருக்கிறதா என்பது இந்த இரண்டு சொற்களில் எது வரும் என்பதைத் தீர்மானிப்பதில்லை. பேசுகிறவர் தம் மனத்தில் அந்தப் பொருளை எப்படி வைத்திருக்கிறார் என்பதே தீர்மானிக்கிறது. 'சம்' என்று சொல்லும்போது ஓர் அளவு இருப்பதாக, அல்லது இருக்கப்போவதாக, வைத்துக்கொண்டு பேசுகிறோம். அது எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை. 'எனி' என்று சொல்லும்போது எந்த முடிவுக்கும் வராமல் பேசுகிறோம். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், ஒன்று இருக்கலாம், நிறையவும் இருக்கலாம், எல்லாக் கதவுகளும் திறந்தே இருக்கின்றன. உண்மையிலேயே விடை தெரியாமல் கேட்கும் கேள்விகள் மிகுதி என்பதால் கேள்விகளில் 'எனி' அடிக்கடி வருகிறது. அந்த மிகுதியைப் பார்த்துத்தான் "கேள்வி என்றால் எனி" என்று பாடநூல்கள் சுருக்கிக்கொண்டன.

தண்ணீர் வேண்டுமா என்று நீங்கள் கேட்டபோது தண்ணீர் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கும். விருந்தினர் வெயிலில் நடந்து வந்திருப்பார். ஆம் என்பார் என்று நினைத்துத்தான் கேட்டீர்கள். வடிவம் கேள்வியாக இருந்தாலும், செயலால் அது உபசரிப்பு. "இதோ கொஞ்சம் தண்ணீர், வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதன் மரியாதையான வடிவம். ஆகவே 'வுட் யூ லைக் சம் வாட்டர்?' என்பதே இயல்பு. அந்த இடத்தில் 'எனி' வந்தால் இலக்கணம் உடைந்துவிடாது. ஆனால் கொடுக்கும் கை சற்றுப் பின்வாங்குவது போலக் கேட்கும், "ஒருவேளை உங்களுக்குத் தண்ணீர் ஏதும் தேவைப்படுமோ" என்பது போல. மேலாளர் திருத்தியது அந்தத் தொனியைத்தான் என்று கருதுகிறேன்.

நாமே யாரையாவது ஒன்று கேட்டுப் பெறும்போதும் இதே கணக்குதான். விருந்தினர் அறையிலிருந்து தொலைபேசியில் 'குட் ஐ ஹேவ் சம் டவல்ஸ், ப்ளீஸ்?' என்று கேட்பார். ஹோட்டலில் துண்டு இருக்கும், கொடுப்பார்கள் என்று நம்பியே கேட்கிறார். அங்கே 'எனி டவல்ஸ்' என்று அவர் கேட்கமாட்டார்.

தமிழ் பேசுகிறவர்களாகிய நமக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. வகுப்பறைகளில் அதை யாரும் எடுத்துச் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் எனக்கு வருத்தம். ஆங்கிலம் இரண்டு சொற்களை வைத்துக் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் வினாச்சொல்லின் வாலில் வைத்துக் காட்டுகிறது. 'யாரோ வந்தார்' என்கிறோம். வந்தது உறுதி, ஆள்தான் தெரியவில்லை, இது 'சம்ஒன்'. 'யாராவது வந்தார்களா?' என்கிறோம். வந்தார்களா என்பதே தெரியாது, இது 'எனிஒன்'. 'யாரும் வரவில்லை' என்கிறோம். 'உம்' என்ற முற்றும்மையும் எதிர்மறை வினையும் சேர்ந்து எல்லாக் கதவுகளையும் மூடிவிட்டன. இதுவும் 'எனிஒன்' பக்கம்தான், ஆனால் 'நாட்' அதற்கு முன்னால் வர வேண்டும்; இங்கே போல எழுவாயாக நின்றால் ஒரே சொல்லாக 'நோபடி'. 'யார் வேண்டுமானாலும் வரலாம்' என்கிறோம். இங்கும் 'எனிஒன்'தான். ஓகாரம் வந்தால் 'சம்', முற்றும்மையும் இல்லையும் வந்தால் 'நாட்' உடன் 'எனி' அல்லது 'நோபடி', வேண்டுமானாலும் என்று வந்தால் 'எனி'. இந்த மூன்றிலும் தமிழை நம்பி நடக்கலாம்.

நம்ப முடியாத இடம் 'ஆவது'. அங்கேதான் உங்கள் கால் வழுக்கியது. 'யாராவது வந்தார்களா?' என்று தகவல் கேட்கவும், 'ஏதாவது குடிக்கிறீர்களா?' என்று உபசரிக்கவும் தமிழ் ஒரே உருபைப் பயன்படுத்துகிறது. ஆங்கிலம் இவற்றைப் பிரிக்கிறது: முதலாவது 'டிட் எனிஒன் கம்?', இரண்டாவது 'வுட் யூ லைக் சம்திங் டு டிரிங்க்?'. 'யாராவது உதவிக்கு வாருங்கள்' என்ற அழைப்பும் ஆங்கிலத்தில் 'சம்ஒன்' ஆகிவிடும். மலாய் மொழி நமக்கு இதில் கைகொடுப்பதில்லை. 'நாக் மினும் அபா-அபா?' என்று உபசரிப்பதற்கும் 'தாக் அடா அபா-அபா' என்று ஒன்றுமில்லை எனச் சொல்வதற்கும் அங்கே ஒரே 'அபா-அபா'தான். எனவே 'ஆவது' வரும் வாக்கியத்தை ஆங்கிலமாக்கும் முன் ஒரு நொடி நின்று, நான் தகவல் கேட்கிறேனா, கொடுக்கிறேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தகவல் என்றால் 'எனி', கொடுப்பது என்றால் 'சம்'.

இன்னொரு வழுக்கலும் உண்டு. 'சீனி இருக்கிறதா?', 'சீனி இல்லை' என்று சொல்லும்போது தமிழில் அளவைக் குறிக்கும் சொல் எதுவும் தேவையில்லை. அதனால் 'டூ யூ ஹேவ் சுகர்?' என்றே நம் வாயில் வரும். இந்த நாட்டின் பேச்சு ஆங்கிலத்தில் 'காட் சுகர்?' என்று அதையும் சுருக்கிவிடுவோம். 'டூ யூ ஹேவ் சுகர்?' என்பது தவறன்று. ஆனால் 'டூ யூ ஹேவ் எனி சுகர்?' என்று கேட்டால், கொஞ்சமேனும் இருக்கிறதா என்ற பொருள் தெளிவாகக் கிடைக்கும்.

உபசரிப்புக்கு எப்போதுமே 'சம்'தானா என்றால், அங்கேதான் விதி மெலிகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் ஒரு பாதி விதிக்குப் பதில் இன்னொரு பாதி விதியைக் கொடுத்தவன் ஆவேன். கடையில் பொருளைக் கட்டிக் கொடுத்த பிறகு 'வுட் யூ லைக் எனிதிங் எல்ஸ்?' என்றுதான் கேட்பார்கள். அதுவும் ஒரு வகையில் கொடுக்க முன்வருவதுதான். ஆனால் வாடிக்கையாளர் கேட்டதை எல்லாம் வாங்கி முடித்துவிட்டார். இல்லை என்ற பதிலும் ஆம் என்ற பதிலும் சம வாய்ப்போடு நிற்கின்றன. 'சம்திங் எல்ஸ்' என்று கேட்டால், இன்னும் ஏதோ ஒன்று வாங்குவீர்கள் என்று எதிர்பார்ப்பது போல ஆகிவிடும். அதே போல 'டூ யூ நீட் எனி ஹெல்ப்?' என்பது மிகச் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி. உதவி தேவைப்படாமலும் இருக்கலாம் என்று எதிராளிக்கு இடம் விடுவது இங்கே மரியாதை. ஆனால் இரண்டு பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு படியேறும் மூதாட்டியைப் பார்த்தால் 'வுட் யூ லைக் சம் ஹெல்ப்?' என்பதே கனிவாக இருக்கும், ஏனென்றால் உதவி தேவை என்பது கண்ணுக்கே தெரிகிறது. இந்த இரண்டில் ஒன்றைச் சரி, மற்றதைத் தவறு என்று யாரேனும் அடித்துச் சொன்னால், அவர் வாக்கியத்தைப் பார்த்தாரே தவிர அதைச் சொன்ன சூழலைப் பார்க்கவில்லை.

இதை மொழியியலாளர்களும் கவனித்திருக்கிறார்கள். ராபின் லேக்காஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1969-ல் எழுதிய ஒரு கட்டுரையில், வாக்கியத்தின் வடிவத்தை மட்டும் வைத்து இந்த இரண்டு சொற்களுக்கும் விதி எழுத முடியாது, பேசுகிறவரின் எதிர்பார்ப்பும் விருப்பமும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன என்று வாதிட்டார். 'இஃப்' என்று தொடங்கும் நிபந்தனை வாக்கியங்களில் இதை நன்றாகக் காணலாம். நடக்க வேண்டும் என்று விரும்பினால் 'சம்', நடக்கக்கூடாது என்று அஞ்சினால் 'எனி' வரும். குழந்தையிடம் 'இஃப் யூ ஈட் சம் வெஜிடபிள்ஸ், யூ கேன் ப்ளே' என்று ஆசை காட்டுவார்கள். 'இஃப் யூ பிரேக் எனி பிளேட்ஸ், யூ வில் பே ஃபார் தெம்' என்று சமையற்கட்டில் எச்சரிப்பார்கள். முன்னது நடக்கட்டும் என்ற வாக்கு, பின்னது நடந்துவிடப்போகிறதே என்ற எச்சரிக்கை.

இப்போது உங்கள் மேசைக்கே வருவோம். இரவு 11 மணிக்குப் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முன்பதிவு செய்யவில்லை. தந்தை கேட்கிறார்: 'டூ யூ ஹேவ் எனி ரூம்ஸ் ஃபார் டுநைட்?'. அறை இருக்குமா என்பது அவருக்குத் தெரியாது. கேள்வி முழுவதும் திறந்திருக்கிறது. நீங்கள் 'யெஸ், வி ஹேவ் சம் ஆன் த தர்ட் ஃப்ளோர்' என்கிறீர்கள். இருப்பது உறுதி, எண்ணிக்கையைச் சொல்லவில்லை. குழந்தை கொட்டாவி விடுகிறது, தாய் களைத்திருக்கிறார். 'வுட் யூ லைக் சம் வாட்டர்?' என்கிறீர்கள். காலை உணவைப் பற்றிக் குறித்துக்கொள்ளும்போது 'டூ யூ ஹேவ் எனி ஃபுட் அலர்ஜீஸ்?' என்று கேட்கிறீர்கள். இங்கே 'சம்' போட்டுப் பாருங்கள். 'டூ யூ ஹேவ் சம் ஃபுட் அலர்ஜீஸ்?' என்றால், உங்களுக்கு ஒவ்வாமை இருக்கிறது போலிருக்கிறதே என்று நீங்களே முடிவு கட்டிவிட்டது போல ஆகும். முன்பின் தெரியாதவரிடம் உடல்நலத்தைப் பற்றிக் கேட்கும்போது முடிவு கட்டாமல் கேட்பதே முறை.

மறுநாள் மதியம் அவர்கள் அறையைக் காலி செய்கிறார்கள். அறையில் உள்ள சிறு குளிர்பெட்டியிலிருந்து எதையேனும் எடுத்தார்களா என்று கேட்டுக் கணக்கு முடிக்க வேண்டும். 'டிட் யூ ஹேவ் எனிதிங் ஃப்ரம் த மினிபார்?' என்று கேட்டால் அது வெறும் வழக்கமான கேள்வி. 'டிட் யூ டேக் சம்திங் ஃப்ரம் த மினிபார்?' என்று கேட்டால், எடுத்தது எங்களுக்குத் தெரியும், நீங்களே சொல்லிவிடுங்கள் என்று குற்றம் சாட்டுவது போல விழும். என் மாணவி ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன், சரியாக இந்த வாக்கியத்தைச் சொல்லி, விருந்தினர் முகம் சிவந்ததன் காரணம் புரியாமல் வகுப்புக்கு வந்து கேட்டார். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இலக்கணப்படி சரி. பிழை 'சம்' உள்ளே கொண்டுவந்த அனுமானத்தில் இருந்தது. அன்றிலிருந்து இந்த எடுத்துக்காட்டை எந்த வகுப்பிலும் நான் விடுவதில்லை.

அந்த அனுமானமே சில நேரம் அன்பாகவும் மாறும். ஒரு விருந்தினர் கலங்கிய முகத்தோடு மேசைக்கு வந்தால் 'இஸ் சம்திங் ராங்?' என்று கேளுங்கள். ஏதோ நடந்திருக்கிறது என்பதை முகத்திலிருந்து படித்துவிட்டீர்கள் என்று அது காட்டும். எந்தக் குறிப்பும் இல்லாமல் பொதுவாக விசாரிக்கும்போது 'இஸ் எனிதிங் ராங்?' போதும். தமிழில் இதே வேறுபாடு 'என்னவோ நடந்திருக்கிறதே?' என்பதற்கும் 'ஏதாவது பிரச்சினையா?' என்பதற்கும் இடையில் இருக்கிறது.

எதிர்மறை வாக்கியங்களுக்கு வந்தால் தரை கெட்டியாகிறது. அங்கே ஊகத்துக்கு இடம் குறைவு, விதி உறுதியானது: ஒன்றும் இல்லை என்று சொல்லும்போது 'நாட்' உடன் 'எனி' வரும், 'சம்' வராது. 'வி டோன்ட் ஹேவ் எனி ரூம்ஸ் டுநைட்' என்பது சரி. அதே பொருளில் 'வி டோன்ட் ஹேவ் சம் ரூம்ஸ்' என்பது தவறு. 'வி ஹேவ் நோ ரூம்ஸ்' என்றும் சொல்லலாம். அது சற்று அழுத்தமானது, மேசையில் நின்று சொல்லும்போது கொஞ்சம் கறாராகவும் கேட்கும்.

நம்மவர்கள் இங்கே செய்யும் பிழை வேறு வகை. அது நேராகத் தமிழின் சொல்வரிசையிலிருந்து வருகிறது. 'யாரும் கூப்பிடவில்லை' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி 'எனிஒன் டிடின்ட் கால்' என்று சொல்லிவிடுகிறார்கள். தமிழில் இல்லை என்பது வாக்கியத்தின் கடைசியில் வந்தாலும் முன்னால் நிற்கும் 'யாரும்' வரை அதன் பிடி எட்டுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பிடி பின்னோக்கி எட்டாது; எதிர்மறை முதலில் வந்து, 'எனி' அதன் பின்னால்தான் வர வேண்டும். ஆகவே எழுவாயாக 'எனிஒன்' நின்று பின்னால் 'டிடின்ட்' வரும் வாக்கியம் நிற்காது. 'நோபடி கால்ட்' என்று எதிர்மறையை எழுவாய்க்குள்ளேயே கொண்டுபோய்விட வேண்டும். செயப்படுபொருளாக வந்தால் சிக்கல் இல்லை: 'ஐ டிடின்ட் சீ எனிஒன்' என்பதில் 'டிடின்ட்' முன்னால் வந்துவிட்டது. 'எனிதிங் இஸ் நாட் மிஸ்ஸிங்' என்பதும் இதே பிழைதான். 'நத்திங் இஸ் மிஸ்ஸிங்' என்பதே சரி. உங்கள் வாக்கியம் 'எனி' என்று தொடங்கிப் பின்னால் 'நாட்' வரப்போகிறது என்று தெரிந்தால், அங்கேயே நிறுத்தி 'நோ' என்று மாற்றித் தொடங்குங்கள்.

அப்படி மாற்றும்போது எதிர்மறையை இரண்டு முறை போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'நோபடி டிடின்ட் கால்' என்று சொல்கிறவர்களும் உண்டு. தமிழில் 'யாரும்' என்ற சொல்லில் எதிர்மறை இல்லை, வினையில்தான் இருக்கிறது. அதனால் 'யாரும்' உடன் 'இல்லை' சேர்வது இயல்பு. ஆங்கிலத்தின் 'நோபடி' தன்னுள்ளேயே எதிர்மறையை வைத்திருக்கிறது. அதோடு இன்னொன்று சேர்ந்தால், பொது ஆங்கிலத்தில் அது பிழை.

எதிர்மறையில் 'சம்' அறவே வராதா என்று கேட்டால், வரும், பொருள் மாறி வரும். ஒரு பயிற்சித் தாளில் 10 புதிய சொற்கள் இருக்கின்றன என்று கொள்வோம். 'ஐ டிடின்ட் அண்டர்ஸ்டாண்ட் எனி ஆஃப் த வேர்ட்ஸ்' என்றால் புரிந்தது பூச்சியம். 'ஐ டிடின்ட் அண்டர்ஸ்டாண்ட் சம் ஆஃப் த வேர்ட்ஸ்' என்றால் மூன்றோ நான்கோ புரியவில்லை, மீதி புரிந்தது. தமிழும் இதை இம்மியும் பிசகாமல் காட்டுகிறது: 'எந்தச் சொல்லும் புரியவில்லை', 'சில சொற்கள் புரியவில்லை'. 'சில' என்று உங்கள் தமிழ் சொன்னால், பின்னால் 'இல்லை' இருந்தாலும் அஞ்சாமல் 'சம்' போடலாம். "எதிர்மறை என்றால் எனி" என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த வாக்கியத்தைப் பிழை என்று திருத்தி, நான்கு சொற்கள் புரியாதவரைப் பத்தும் புரியாதவராக ஆக்கிவிடுவார்.

'நாட்' என்ற சொல் வெளியே தெரியாமல் எதிர்மறைப் பொருளை உள்ளே வைத்திருக்கும் சொற்களும் 'எனி'யையே கேட்கும். 'நெவர்', 'வித்அவுட்', 'ஹார்ட்லி' ஆகிய மூன்றும் உங்கள் வேலைக்குப் போதும். 'வி ஹார்ட்லி ஹேவ் எனி ரூம்ஸ் லெஃப்ட்' என்றால் அறைகள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன என்று பொருள். பள்ளி விடுமுறைக் காலத்திலும் தைப்பூச நாட்களிலும் இந்த வாக்கியம் உங்களுக்கு நிச்சயம் பயன்படும்.

இனி, பெயர்ச்சொல்லின் பக்கம் ஒரு பார்வை. தகவல் கேட்கும் 'எனி', பன்மைப் பெயரோடும் எண்ண முடியாத பெயரோடும்தான் பெரும்பாலும் சேரும்: 'எனி ரூம்ஸ்', 'எனி வாட்டர்'. ஒன்றே ஒன்று இருக்கக்கூடிய பொருளுக்கு 'ஏ' போதும். பேனா இருக்கிறதா என்று கேட்க 'டூ யூ ஹேவ் ஏ பென்?' என்பதே வழக்கம். 'டூ யூ ஹேவ் எனி பென்?' என்பது நம் ஊரில் அடிக்கடி காதில் விழுந்தாலும் எழுத்தில் தவிர்க்க வேண்டியது. ஒருமைப் பெயரோடு 'எனி' இயல்பாக வருவது, 'எது வேண்டுமானாலும்' என்ற பொருளில். 'யூ கேன் டேக் எனி டாக்ஸி' என்றால் எந்த டாக்சியிலும் போகலாம். 'எனி டைம் பிட்வீன் செவன் அண்ட் டென்' என்றால் காலை உணவுக்கு 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். இவை கேள்வியும் அல்ல, எதிர்மறையும் அல்ல. ஆனாலும் 'எனி' வருகிறது, ஏனெனில் இங்கும் பேசுகிறவர் எதையும் குறிப்பிட்டு நிறுத்தவில்லை.

நீங்கள் கேட்ட அட்டவணை கீழே. வேண்டுமென்றே ஆறு வரிசைகளோடு நிறுத்தியிருக்கிறேன், மேசையில் ஒட்டினால் ஒரே பார்வையில் படிக்க வேண்டும் என்பதற்காக.

| நான் செய்வது | சொல் | மேசையில் சொல்வது | தமிழில் |
|---|---|---|---|
| கொடுக்கிறேன் | சம் | வுட் யூ லைக் சம் வாட்டர்? | கொஞ்சம் தண்ணீர் தரட்டுமா? |
| கேட்டுப் பெறுகிறேன் | சம் | குட் ஐ ஹேவ் சம் டவல்ஸ்? | சில துண்டுகள் கிடைக்குமா? |
| தெரியாததை விசாரிக்கிறேன் | எனி | டூ யூ ஹேவ் எனி அலர்ஜீஸ்? | ஒவ்வாமை ஏதாவது உண்டா? |
| ஒன்றும் இல்லை என்கிறேன் | நாட் + எனி | வி டோன்ட் ஹேவ் எனி ரூம்ஸ் | அறை எதுவும் இல்லை |
| 'யாரும்' என்று தொடங்குகிறேன் | நோபடி | நோபடி கால்ட் | யாரும் கூப்பிடவில்லை |
| எது வேண்டுமானாலும் என்கிறேன் | எனி | யூ கேன் டேக் எனி டாக்ஸி | எந்த டாக்சியிலும் போகலாம் |

நான்காம், ஐந்தாம் வரிசைகளில் மாற்றத்துக்கு இடமில்லை; அவற்றை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ளலாம். முதல் வரிசையும் மூன்றாம் வரிசையும் அப்படிப்பட்டவை அல்ல. மேலே சொன்ன 'எனிதிங் எல்ஸ்' போல, கொடுக்கும்போதே இல்லை என்ற பதிலையும் எதிர்பார்த்தால் முதல் வரிசை மூன்றாம் வரிசையாக மாறிவிடும். பள்ளித் தேர்வுத் தாள்களில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சிகள் பெரும்பாலும் பழைய சுருக்க விதியை ஒட்டியே அமைகின்றன. ஆகவே வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த அட்டவணையைக் காட்டுவதானால், கேள்வி வாக்கியத்தில் 'வுட் யூ லைக்' அல்லது 'குட் ஐ ஹேவ்' இருந்தால் 'சம்', மற்றக் கேள்விகளில் 'எனி' என்று மட்டும் முதலில் சொல்லிக் கொடுங்கள். குளிர்பெட்டி வாக்கியத்தை அவர்கள் வேலைக்குப் போகும் வயதில் சொல்லிக்கொள்ளலாம்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன், மேசையில் நிற்பவருக்கு அது தேவை. உபசரிக்கும்போது 'சம்' என்பதை அழுத்தாமல், மெலிதாக, அடுத்த சொல்லோடு ஒட்டிச் சொல்ல வேண்டும். அழுத்தம் 'வாட்டர்' மீது விழட்டும். 'சம்' மீது அழுத்தம் விழுந்தால் "எல்லாம் அல்ல, சிலது மட்டும்" என்ற வேறு பொருள் தலைகாட்டும். 'சம் கெஸ்ட்ஸ் லைக் த ஓல்ட் விங்' என்று அழுத்திச் சொன்னால், சில விருந்தினருக்குப் பிடிக்கும், மற்றவருக்குப் பிடிக்காது என்பது சொல்லாமலே விளங்கும். தண்ணீர்க் குவளையை நீட்டும்போது அந்தப் பொருள் அங்கே வர வேண்டியதில்லை.